ஆறு வருடம் கடந்த கைமாற்று: இன்னும் வழக்குப் போட முடியுமா?

*"ஐயா, எங்கள் அப்பா பீடோங் பக்கம் தோட்டத்தில் வேலை செய்தவர். 2016 மார்ச்சில் தன் இபிஎஃப் பணத்திலிருந்து 18,000 வெள்ளியைக் கூட வேலை பார்த்த ஒருவருக்கு லோரி வாங்கக் கைமாற்றாகக் கொடுத்தார். 31.3.2018-க்குள் திருப்பித் தருவதாக அவர் கொப்பித் தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். 20.8.2019 அன்று 500 வெள்ளி பேங்கில் போட்டார், அதோடு சரி. 2023 பொங்கலன்று என் போனுக்கு வாட்ஸ்அப்பில் ஒரு மெசேஜ் அனுப்பினார்: 'தங்கச்சி, அண்ணன்கிட்ட சொல்லுங்க, லோரி காசு மறக்கல. லோரிய வித்ததும் மிச்சத்த கொடுத்துடுறேன்' என்று, அடியில் தன் பெயரும் போட்டிருந்தார். பிறகு ஒரு வாய்ஸ் நோட்டும் வந்தது. இப்போது 2025 அக்டோபர். ஆறு வருடம் தாண்டிவிட்டதால் கேஸ் போட முடியாது என்கிறார்கள். மாமாவோ, வட்டியும் சேர்த்துப் புது லெட்டர் எழுதி வாங்கு என்கிறார். என்ன செய்வது?"*

வழக்குப் போடலாம். அந்தப் பொங்கல் மெசேஜை அழிக்காமல் வைத்திருக்கிறீர்களே, அதுதான் இப்போது உங்கள் அப்பாவின் கையில் இருக்கும் பலம். மாமா சொன்னதில் பாதி நல்ல யோசனை. மற்ற பாதியைச் செய்தால் பணம் முழுவதும் போய்விடக்கூடும். இரண்டையும் விளக்கமாகவே சொல்கிறேன். சுங்கைப் பட்டாணியில் வழக்கறிஞர் அலுவலகத்தில் கிராணியாக இருந்த காலத்தில், தோட்டத்துக் கைமாற்றுக் கேஸ்கள் பெரும்பாலும் இந்த ஒரே இடத்தில் வந்து முட்டிக்கொண்டு நிற்பதைப் பார்த்திருக்கிறேன்.

முதலில் அந்த ஆறு வருடக் கணக்கு. தீபகற்ப மலேசியாவில் இதற்கு 1953-ஆம் ஆண்டு காலவரையறைச் சட்டம் இருக்கிறது. கோர்ட் கவுண்டரில் 'அக்தா ஹாட் மாசா' என்று கேட்டால் தெரியும். அதன் 6-ஆம் பிரிவு, ஒப்பந்தத்தின் பேரில் போடும் வழக்கை, வழக்குப் போடும் உரிமை பிறந்த நாளிலிருந்து ஆறு வருடத்துக்குள் போட வேண்டும் என்கிறது. உரிமை எந்த நாளில் பிறக்கிறது என்பதில்தான் நம் ஆட்கள் தடுமாறுகிறார்கள். பணம் கொடுத்த நாளிலிருந்து எண்ணுகிறார்கள், அல்லது கடைசியாகச் சண்டை போட்ட நாளிலிருந்து எண்ணுகிறார்கள். இரண்டும் தப்பு. ஒப்பந்தம் மீறப்பட்ட நாளிலிருந்துதான் எண்ண வேண்டும். அந்தக் கொப்பித் தாளில் 31.3.2018-க்குள் என்று எழுதியிருப்பதால், அந்த நாள் முழுவதும் அவருக்கு அவகாசம் உண்டு. அது முடிந்தும் பணம் வராதபோதுதான் ஒப்பந்தம் மீறப்பட்டது, அதாவது 1.4.2018. அங்கிருந்து ஆறு வருடம் போட்டால் 2024 மார்ச் கடைசி. நடுவில் வேறு எதுவும் நடக்காமல் இருந்திருந்தால், உங்களிடம் மற்றவர்கள் சொன்னது சரியாகத்தான் இருந்திருக்கும்.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். தாளில் தேதியே போடாமல், 'முடிகிறபோது தருகிறேன்', 'கேட்கும்போது தருகிறேன்' என்று மட்டும் எழுதியிருந்தால் நிலைமை வேறு. அப்படிப்பட்ட கடனுக்குப் பணம் கைமாறிய நாளிலிருந்தே காலம் ஓடத் தொடங்கிவிட்டது என்று எதிர்த்தரப்பு வாதாடலாம். கேட்ட பிறகுதான் ஓடும் என்று நாமும் வாதாடலாம்தான். ஆனால் அந்தச் சண்டைக்குள் போகாமல் இருப்பதே நல்லது. தேதி இல்லாத கைமாற்று வைத்திருப்பவர்கள், பணம் கொடுத்த நாளிலிருந்தே ஆறு வருடம் என்று எண்ணிக்கொள்ளுங்கள். உங்கள் அப்பா தேதி எழுதி வாங்கியதால் அவருக்குக் கூடுதலாக இரண்டு வருடம் கிடைத்தது.

இந்த ஆறு வருடம் ஓடிக்கொண்டே இருக்கும். வக்கீல் நோட்டீஸ் அனுப்பினால் நிற்காது. போலீஸ் ரிப்போர்ட் செய்தால் நிற்காது. கோயில் தலைவர் முன்னால் உட்கார்ந்து பேசினாலும் நிற்காது. 'பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருந்தது, அதனால் காத்திருந்தோம்' என்று சொல்லி ஆறு வருடத்தைத் தாண்டியவர்கள் நிறையப் பேர். கடன்பட்டவர் அடுத்த தீபாவளி, அடுத்த போனஸ், அடுத்த அறுவடை என்று வாயால் சொல்லிக்கொண்டே போவார், நாம் மரியாதைக்காகப் பொறுத்துக்கொண்டு இருப்போம். அந்த வாய்ச்சொல் ஒன்றுக்கும் சட்டத்தில் மதிப்பு கிடையாது. காலத்தை நிறுத்துவது ஒன்றே ஒன்றுதான்: கோர்ட்டில் வழக்கைப் பதிவு செய்வது.

சரி, இப்போது உங்கள் விஷயத்துக்கு வருவோம். காலம் நிற்காது என்றாலும், புதிதாகத் தொடங்க வைக்க முடியும். அதைத்தான் அதே சட்டத்தின் 26-ஆம் பிரிவு, 2-ஆம் உட்பிரிவு செய்கிறது. கடன்பட்டவர் அந்தக் கடனை ஒப்புக்கொண்டாலோ, அதில் ஒரு பகுதியைக் கட்டினாலோ, வழக்குப் போடும் உரிமை அந்த நாளில்தான் பிறந்தது என்று சட்டம் எடுத்துக்கொள்ளும். மீதமிருந்த நாட்களோடு கொஞ்சம் கூட்டித் தருவதாக நினைக்க வேண்டாம். பழைய கணக்கு முழுவதும் போய், அந்த நாளிலிருந்து முழுசாக ஆறு வருடம் கிடைக்கும். எத்தனை முறை ஒப்புக்கொள்கிறாரோ அத்தனை முறையும் இப்படித்தான்.

அதன்படி 20.8.2019 அன்று அவர் பேங்கில் போட்ட 500 வெள்ளி, கணக்கை அந்த நாளுக்குக் கொண்டுவந்தது. அதிலிருந்து ஆறு வருடம் என்றால் 2025 ஆகஸ்ட் 20 வாக்கில் முடிந்துவிட்டது, அதாவது இரண்டு மாதத்துக்கு முன்னால். 2024-லேயே வந்து கேட்டிருந்தால் அந்த 500 வெள்ளி ஒன்றே போதுமாக இருந்திருக்கும். இப்போது அது தனியாக நின்று உங்களைக் காப்பாற்றாது. ஆனாலும் அந்த ஸ்டேட்மெண்டைத் தேடி எடுங்கள். அதை வைத்துத்தான் கடன் உண்மை என்பதையும், மீதி 17,500 வெள்ளி என்பதையும் காட்டப் போகிறீர்கள்.

பகுதிப் பணம் கட்டியதற்கு எழுத்தும் கையெழுத்தும் தேவையில்லை. கட்டினார் என்பதே போதும். ஆனால் அவர்தான் கட்டினார், இந்தக் கடனுக்காகத்தான் கட்டினார் என்ற இரண்டையும் நீங்கள் நிரூபிக்க வேண்டும். பேங்கில் அனுப்பும்போது குறிப்பு எழுதும் இடத்தில் 'லோரி' என்று ஒரு வார்த்தை இருந்தால்கூட பெரிய உதவி. கையில் ரொக்கமாக 500 கொடுத்திருந்தால், நாளைக்கு அவர் 'அது உங்கள் வீட்டுக் கல்யாணத்துக்கு மொய்' என்று சொல்லிவிடலாம். அதனால் இனிமேல் யார் சிறுகச் சிறுகக் கொடுத்தாலும் பேங்க் வழியாக வாங்குங்கள், அல்லது 'இன்ன கடனில் இவ்வளவு' என்று ரசீது எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போடுங்கள்.

இனி அந்தப் பொங்கல் மெசேஜ். 27-ஆம் பிரிவு, ஒப்புதல் என்றால் அது எழுத்தில் இருக்க வேண்டும், ஒப்புக்கொள்பவர் கையெழுத்திட்டிருக்க வேண்டும் என்கிறது. கடன்பட்டவரோ அவருடைய ஏஜெண்டோ கொடுக்கலாம். யாருக்குக் கடன் சேர வேண்டுமோ அவரிடமோ, அவருடைய ஏஜெண்டிடமோ கொடுத்திருக்க வேண்டும். 15.1.2023 மெசேஜை இந்த ஒவ்வொன்றிலும் வைத்துப் பார்ப்போம்.

ஒப்புதல் இருக்கிறதா? 'லோரி காசு மறக்கல', 'மிச்சத்த கொடுத்துடுறேன்'. இதில் 'மிச்சம்' என்ற சொல் உங்களுக்குத் தங்கம் மாதிரி. ஒரு கடன் இருக்கிறது, அதில் கொஞ்சம் கட்டியாயிற்று, மீதி இன்னும் பாக்கி என்று மூன்றையும் அந்த ஒரு சொல்லே ஒப்புக்கொள்கிறது. எவ்வளவு தொகை என்று அவர் எழுதவில்லையே என்று பயப்பட வேண்டாம். கடன் உண்டு என்று ஒப்புக்கொண்டால் போதும், தொகையைக் கொப்பித் தாளையும் பேங்க் ஸ்டேட்மெண்டையும் வைத்து நிரூபிக்கலாம். 'லோரிய வித்ததும்' என்று நிபந்தனை வைத்திருக்கிறார் என்று எதிர்த்தரப்பு சொல்லும். இந்தப் பிரிவு கேட்பது கடன் இருக்கிறது என்ற ஒப்புதலைத்தான், இன்ன நாளில் கட்டுகிறேன் என்ற வாக்குறுதியை அல்ல. லோரி விற்றாரா இல்லையா என்பது எப்போது கட்டுவார் என்பதைப் பற்றியது. கடன் உண்டா இல்லையா என்பதில் அந்த மெசேஜில் எந்தச் சந்தேகமும் இல்லை.

இதே இடத்தில் வேறு மாதிரி எழுதியிருந்தால் கதை மாறியிருக்கும். 'கணக்கைப் பார்த்துச் சொல்கிறேன்', 'நேரில் வாங்க, பேசிக்கலாம்', 'உங்களுக்கு மனசு கஷ்டம் வேண்டாம்' என்று எழுதுவதெல்லாம் ஒப்புதல் ஆகாது. கடன் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம் என்று இரண்டு பக்கமும் படிக்க முடிகிற வார்த்தைகள் அவை. 'அவ்வளவு இல்லை, 12,000 தான் தரணும்' என்று எழுதினால் அது 12,000-க்கு மட்டும் ஒப்புதல். வக்கீல்கள் சமாதானப் பேச்சுக்காக எழுதும் கடிதங்களின் தலையில் 'தன்பா பிரசங்கா', அதாவது 'பாதகமின்றி' என்று போடுவார்கள். பொதுவாக அப்படிப்பட்ட கடிதத்தை ஒப்புதலாகக் கோர்ட்டில் காட்ட விடமாட்டார்கள். ஆகவே அந்த மாதிரி ஒரு பதில் வந்தால் அதை நம்பிக் காத்திருக்காதீர்கள்.

அடுத்து, எழுத்தும் கையெழுத்தும். போனில் வந்தது எப்படிக் கையெழுத்தாகும் என்று கேட்பீர்கள். இதே கேள்வி நம் நாட்டின் உச்ச நிலையான கூட்டரசு நீதிமன்றம் வரை போயிருக்கிறது. 2014-ல் தீர்ப்பு வந்த ஒரு வழக்கில், கடனை ஒப்புக்கொண்டு அனுப்பிய எஸ்எம்எஸ் இந்தச் சட்டத்துக்கு எழுத்தும் கையெழுத்தும் கொண்ட ஒப்புதலாகும் என்று அந்த நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. அதற்கு உதவிய சட்டம் 2006-ஆம் ஆண்டு மின்னியல் வணிகச் சட்டம். அனுப்பியவர் யார் என்று அடையாளம் காட்டி, அந்தச் செய்தியை அவர் ஏற்றுக்கொள்கிறார் என்பதையும் காட்டினால் மின்னியல் கையெழுத்தாகக் கொள்ளலாம் என்பது அதன் சாரம். வாட்ஸ்அப் மெசேஜும் அதே வழியில் போகும். உங்களுக்கு வந்த மெசேஜில் அவரே கீழே பெயர் போட்டிருப்பது இன்னும் நல்லது. அந்தச் சட்டம் வணிகத் தன்மையுள்ள கொடுக்கல் வாங்கலுக்கு என்று எழுதப்பட்டது, இது நண்பர்களுக்குள் கொடுத்த கைமாற்று என்று எதிர்த்தரப்பு ஒரு கோணம் பிடிக்கலாம். அந்த வாதத்துக்கு இடம் கொடுக்காமல் இருக்கத்தான் கீழே இன்னொரு வழியும் சொல்கிறேன்.

வாய்ஸ் நோட் விஷயம் வேறு. அது எழுத்து அல்ல, அதனால் அதை வைத்து ஆறு வருடத்தைப் புதிதாகத் தொடங்க முடியாது. ஆனால் தூக்கிப் போடாதீர்கள். அதே எண்ணிலிருந்து அவருடைய குரல் வந்திருக்கிறது. மெசேஜை நான் அனுப்பவில்லை, போன் தொலைந்துபோய்விட்டது, பையன் விளையாட்டுக்கு அனுப்பினான் என்றெல்லாம் பிறகு சொல்ல வந்தால், அந்தக் குரல் அவர் வாயை அடைத்துவிடும்.

கடைசியாக, யாரிடம் ஒப்புக்கொண்டார் என்பது. மெசேஜ் வந்தது உங்கள் போனுக்கு, கடன் கொடுத்தவரோ அப்பா. அப்பாவுக்கு வாட்ஸ்அப் இல்லை, அவருக்காக நீங்கள்தான் கேட்டுக்கொண்டிருந்தீர்கள் என்றால், நீங்கள் அப்பாவின் ஏஜெண்ட். அப்பாவைக் குறித்து 'அண்ணன்கிட்ட சொல்லுங்க' என்று அவரே எழுதியிருப்பது இதற்கு நல்ல சாட்சி. உங்கள் வழியாக அப்பாவுக்குத்தான் சொன்னார் என்பது அதிலேயே தெரிகிறது. அதற்கு முன்னால் நீங்கள் அவருக்கு 'அப்பா கேட்கச் சொன்னார்' என்று ஏதாவது மெசேஜ் அனுப்பியிருந்தால் அதையும் தேடி எடுங்கள். இதே வார்த்தைகளை அவர் உங்கள் அத்தைக்கோ பக்கத்து வீட்டுக்காரருக்கோ எழுதியிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. மூன்றாவது மனிதரிடம் சொல்லும் ஒப்புதலைச் சட்டம் கணக்கில் எடுக்காது.

ஆக, என் கணக்கில் உங்கள் அப்பாவுக்கு 2029 ஜனவரி நடு வரை காலம் இருக்கிறது. ஆனால் அதுவரை உட்கார்ந்திருக்கச் சொல்லவில்லை. இந்தக் கேஸ் முழுவதும் ஒரே ஒரு மெசேஜின் மேல் நிற்கிறது. அந்தப் போனை மாற்றாதீர்கள், ரீசெட் செய்யாதீர்கள், அந்தச் சாட்டை அழிக்காதீர்கள். சாட் முழுவதையும் எக்ஸ்போர்ட் செய்து இமெயிலில் வையுங்கள். ஸ்கிரீன்ஷாட் எடுக்கும்போது அவருடைய எண்ணும் தேதியும் தெரியும்படி எடுங்கள். நீங்கள் சேமித்து வைத்த பெயர் மட்டும் தெரிந்தால், அந்தப் பெயரை யாருக்கு வேண்டுமானாலும் போட்டிருக்கலாம் என்று கேட்பார்கள். ஸ்கிரீன்ஷாட்டைக் காட்டினாலும், அசல் போனைக் கொண்டுவரச் சொன்னால் கொண்டுபோக முடிய வேண்டும்.

இப்போது மாமாவின் யோசனை. புதிதாக ஒரு ஒப்புதல் கடிதம் வாங்குவது மிக நல்ல யோசனை. அவர் இன்னும் பேசுகிற நிலையில் இருந்தால், முதல் வேலையாக அதைச் செய்யுங்கள். தாளில் பேனாவால் போட்ட கையெழுத்து இருந்தால், போன் மெசேஜைப் பற்றிய எந்த வாதமும் தேவைப்படாது. ஆனால் வட்டியைச் சேர்க்க வேண்டாம், தயவுசெய்து வேண்டவே வேண்டாம். நம் நாட்டில் 1951-ஆம் ஆண்டு கடன் கொடுப்போர் சட்டம் இருக்கிறது. லைசென்ஸ் இல்லாமல் வட்டிக்குப் பணம் கொடுக்கும் தொழில் செய்பவரின் கடனைக் கோர்ட் வசூலித்துத் தராது. அந்தச் சட்டத்தில், ஒருவர் வட்டிக்குக் கொடுத்த ஒரே ஒரு கடனை நிரூபித்தாலும் அவர் அந்தத் தொழில் செய்கிறார் என்று முதலில் எடுத்துக்கொள்ளலாம், இல்லை என்று அவர்தான் நிரூபிக்க வேண்டும் என்று ஒரு விதி இருக்கிறது. உங்கள் அப்பா வட்டி வாங்காமல் இபிஎஃப் பணத்தைத் தூக்கிக் கொடுத்த நல்ல மனிதர். இன்றைக்கு ஆசைப்பட்டு ஒரு வரி வட்டி எழுதினால், அந்தக் கடிதமே அவரை வட்டிக்கு விடுபவராகக் காட்டிவிடும். 17,500 வெள்ளிக்கு மேல் ஒரு காசும் எழுதாதீர்கள். வழக்கில் ஜெயித்த பிறகு தீர்ப்புத் தொகைக்குக் கோர்ட் வட்டி போடும், அது வேறு விஷயம், அதில் தப்பு இல்லை.

கடிதம் இப்படி இருந்தால் போதும்:

> நான், (முழுப் பெயர், ஐசி எண்), (அப்பாவின் பெயர், ஐசி எண்) அவர்களிடம் 2016 மார்ச்சில் லோரி வாங்குவதற்காக 18,000 வெள்ளி கைமாற்றாக வாங்கினேன். 20.8.2019 அன்று 500 வெள்ளி திருப்பிக் கட்டினேன். மீதி 17,500 வெள்ளி அவருக்கு நான் தர வேண்டிய கடனாக இன்றும் இருக்கிறது என்று ஒப்புக்கொள்கிறேன். இந்தத் தொகையை (தேதி)-க்குள் கட்டிவிடுவேன் என்று உறுதி கூறுகிறேன்.
>
> கையெழுத்து, தேதி.

இதில் 'ஒப்புக்கொள்கிறேன்', 'உறுதி கூறுகிறேன்' என்று இரண்டையும் வேண்டுமென்றே போட்டிருக்கிறேன். முதல் வாசகம் காலவரையறைச் சட்டத்துக்கு. இரண்டாவது, 1950-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 26-ஆம் பிரிவுக்கு. பொதுவாகப் பதிலுக்கு எதுவும் பெறாமல் கொடுக்கும் வாக்குறுதி ஒப்பந்தம் ஆகாது. ஆனால் காலம் கடந்துபோன ஒரு கடனைக் கட்டுகிறேன் என்று எழுத்தில், கையெழுத்தோடு கொடுக்கும் வாக்குறுதி செல்லும் என்று அந்தப் பிரிவு விதிவிலக்கு வைத்திருக்கிறது. அதாவது, பொங்கல் மெசேஜ் செல்லாது என்று நாளைக்கு ஒரு மாஜிஸ்திரேட் முடிவு செய்து, பழைய கடன் 2025 ஆகஸ்டிலேயே காலம் கடந்துவிட்டது என்று சொன்னாலும், இந்தக் கடிதம் ஒரு புது ஒப்பந்தமாகத் தன் காலில் நிற்கும். காலம் கடந்தபின் வரும் வெறும் ஒப்புதலும் கடனுக்கு மீண்டும் உயிர் கொடுக்கும் என்பதுதான் காலவரையறைச் சட்டத்தின் 26-ஆம் பிரிவின் வாசகத்தைப் படித்தால் கிடைக்கும் பொருள். கடன் விஷயத்தில் அப்படிப்பட்ட ஒப்புதலுக்குக் காலக்கெடு எதுவும் அந்தப் பிரிவு வைக்கவில்லை. இருந்தாலும் வாக்குறுதியும் சேர்ந்து இருந்தால் இரண்டு வழியும் திறந்திருக்கும்.

கடிதம் தமிழில் இருக்கலாம். கோர்ட்டில் காட்டும்போது மலாய் மொழிபெயர்ப்பு சேர்க்க வேண்டும், அவ்வளவுதான். அவருக்கு மலாய் நன்றாகப் படிக்க வரும் என்றால் முதலிலேயே மலாயில் எழுதிவிடுங்கள். சாட்சி கட்டாயம் இல்லை, ஆனாலும் இரண்டு குடும்பத்துக்கும் பொதுவான ஒருவர் கையெழுத்துப் போட்டால் நல்லது. தேதியை முன்தேதியிட்டு எழுதவே கூடாது. 2024 என்று போட்டுவிட்டால் பாதுகாப்பாக இருக்குமே என்று சிலர் யோசனை சொல்வார்கள். அது பொய்ப் பத்திரம், உங்களுக்கு அதனால் ஒரு பலனும் இல்லை, உண்மையான மெசேஜையும் சந்தேகத்துக்கு ஆளாக்கிவிடும். ஆட்களைக் கூட்டிக்கொண்டு போய் மிரட்டிக் கையெழுத்து வாங்குவதும் அப்படித்தான். மிரட்டி வாங்கியதை அவர் கோர்ட்டில் உடைத்துவிடலாம். நீங்களும் அப்பாவும் மட்டும் போங்கள்.

இந்த ஒப்புதல் விதி எல்லாவற்றுக்கும் பொருந்தாது என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதைப் படிக்கும் வேறு சிலரும் தங்கள் பிரச்சினையை இதில் வைத்துப் பார்ப்பார்கள். இது கடனுக்கும், தொகை நிர்ணயமான பணப் பாக்கிக்கும்தான். வீடு கட்டிய கான்ட்ராக்டர் 'ஆமாம், கூரை சரியாகப் போடவில்லை' என்று எழுதிக் கொடுத்தாலும், நஷ்ட ஈட்டு வழக்குக்கு ஆறு வருடம் புதிதாகத் தொடங்காது. மாதத் தவணையாகக் கட்ட வேண்டிய கடன் என்றால் ஒவ்வொரு தவணைக்கும் தனித்தனியாகக் காலம் ஓடும். ஒரு தவணை தவறினால் முழுத் தொகையும் உடனே கட்ட வேண்டும் என்று ஒப்பந்தம் சொன்னால் மட்டும் வேறு. ஜாமீன் கையெழுத்துப் போட்டவர் இருந்தால், கடன்பட்டவர் கொடுக்கும் எழுத்து ஒப்புதல் அவரைக் கட்டாது. அவரிடமும் தனியாக வாங்க வேண்டும். கூட்டுப் பணப் பாக்கிக்கு இதெல்லாம் உதவாது. 1971-லிருந்தே கூட்டு நடத்துவதற்குச் சட்டத் தடை இருக்கிறது. சபா, சரவாக்குக்குத் தனித்தனி ஆணைகள் உண்டு, அங்கே இருப்பவர்கள் என் ஆறு வருடக் கணக்கைப் பார்த்து நம்பியிருக்க வேண்டாம்.

அவர் கையெழுத்துப் போட மறுத்தால், அப்புறம் தாமதிக்காதீர்கள். 17,500 வெள்ளி என்பதால் இது மாஜிஸ்திரேட் நீதிமன்றத்துக்குப் போகும். அங்கே 1,00,000 வெள்ளி வரை வழக்கு எடுப்பார்கள். லாயர் இல்லாமல் நாமே படிவம் நிரப்பிப் போடும் சிறு கோரிக்கை முறை 5,000 வெள்ளி வரைதான், இதற்கு ஆகாது. முதலில் லாயர் மூலம் பதினான்கு நாள் கெடு வைத்து ஒரு கடிதம் அனுப்புங்கள். அதற்கு அவர் எழுதும் பதிலே சில சமயம் புதிய ஒப்புதலாகிவிடும். 'கொஞ்சம் டைம் கொடுங்க, மாதம் 300 கட்டுறேன்' என்று கையெழுத்தோடு வந்தால் அதைப் பத்திரமாக வையுங்கள். அது வந்த நாளிலிருந்து மறுபடியும் ஆறு வருடம். அப்படி அவர் 300 கட்டத் தொடங்கினால், ஒவ்வொரு மாதமும் கணக்கு முன்னால் நகர்ந்துகொண்டே போகும். கடைசியாகக் கட்டிய நாளை மட்டும் காலண்டரில் குறித்து வையுங்கள்.

பதில் இல்லை என்றால் வழக்கைப் போட்டுவிடுங்கள். வழக்கைத் தொடங்கும் ரிட், கோர்ட்டில் பதிவான நாள்தான் கணக்கு, அவர் கைக்குப் போய்ச் சேரும் நாள் அல்ல. ஆனால் ரிட் ஆறு மாதம்தான் செல்லும். அதற்குள் அவரிடம் சேர்க்க வேண்டும், அவர் வீடு மாறியிருந்தால் இதில்தான் இழுபறி. அவருடைய இப்போதைய முகவரியை இன்றே கண்டுபிடித்து வையுங்கள். தீர்ப்பு வாங்கிவிட்டால் அதை நிறைவேற்ற வழக்குப் போடப் பன்னிரண்டு வருடம் இருக்கிறது.

லாயரைப் பார்க்கும்போது ஒன்றை மட்டும் நீங்களே நினைவுபடுத்துங்கள். கோரிக்கை மனுவில் 'பணம் கொடுத்தேன், தரவில்லை' என்று மட்டும் எழுதினால், படிக்கிறவருக்கு 2018 என்ற தேதிதான் கண்ணில் படும். 20.8.2019-ல் கட்டிய 500 வெள்ளியையும், 15.1.2023 மெசேஜையும், புதுக் கடிதம் கிடைத்தால் அதையும், தேதியோடு தனித்தனிப் பத்தியாக முதல் மனுவிலேயே எழுதச் சொல்லுங்கள். காலம் கடந்துவிட்டது என்ற வாதத்தை எதிர்த்தரப்புதான் எழுத்தில் எழுப்ப வேண்டும், கோர்ட் தானாக எழுப்பாது. அவருடைய லாயர் கட்டாயம் எழுப்புவார் என்றே வைத்துக்கொண்டு போங்கள். போகும்போது கொப்பித் தாளின் அசல், 2019 ஆகஸ்ட் மாத பேங்க் ஸ்டேட்மெண்ட், அப்பாவின் 2016 இபிஎஃப் எடுத்த கடிதம், அந்தப் போன், இத்தனையும் கையில் இருக்கட்டும். அப்பாவையும் கூட்டிக்கொண்டு போங்கள். வாதி அவர், கையெழுத்து அவர்தான் போட வேண்டும்.